கணவர் பெயர் எத்தனையாவது கேள்வி?

பெண்களைப் பற்றிய கள ஆய்வுகளை விமர்சிக்கும்போது நாம் பெரும்பாலும் முடிவுகளிலிருந்துதான் தொடங்குகிறோம். எத்தனை பெண்கள் என்ன சொன்னார்கள், ஆய்வாளர் அதற்கு என்ன பொருள் கொண்டார் என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது. அந்தப் பதில் எந்தக் கேள்விக்குப் பிறகு வந்தது, அதைச் சொல்லும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேள்விப் படிவம் பின்னிணைப்பில் கிடக்கும். அதைப் புரட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. இந்தக் கட்டுரையில் நான் படிவத்தை மட்டுமே வாசிக்க விரும்புகிறேன். அதிலும் ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொள்கிறேன். வயது, சாதி, மதம், திருமண நிலை, கல்வி, வருமானம் ஆகிய தன்விவரக் கேள்விகள் படிவத்தின் தொடக்கத்தில் வர வேண்டுமா, முடிவில் வர வேண்டுமா?

முதுகலை மாணவிகளின் ஆய்வுப் படிவங்களை வாசித்துக் கருத்துச் சொல்வது பல ஆண்டுகளாக என் வேலையின் ஒரு பகுதி. அப்படி வந்தவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களின் சம்பளத்தை யார் வைத்திருக்கிறார்கள், யார் செலவு செய்கிறார்கள் என்பது அந்த மாணவியின் ஆய்வுப்பொருள். பெண்களை வீட்டில் சந்தித்து, கேள்விகளை வாசித்து, பதிலை மாணவியே எழுதிக்கொள்வது என்பது திட்டம். படிவத்தில் 42 கேள்விகள். முதல் 12 இப்படிப் போயின: பெயர், வயது, கணவர் அல்லது தந்தை பெயர், மதம், சாதி, படிப்பு, திருமண நிலை, குழந்தைகள் எத்தனை, கணவரின் தொழில், குடும்ப மாத வருமானம், சொந்த வீடா வாடகையா, ரேஷன் கார்டு எந்த வகை. பதின்மூன்றாவது கேள்வியில்தான் கம்பெனி வந்தது. ஷிப்டு, பீஸ் ரேட், ஓவர்டைம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு, ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி 24-வது. பணத்துக்காக வீட்டில் சண்டையோ அடியோ நடந்ததுண்டா என்பது 38-வது.

இந்த வரிசையை யாரும் யோசித்து எழுதியதில்லை. பள்ளி விண்ணப்பம், வங்கிப் படிவம், தாலுகா அலுவலக மனு எல்லாம் இப்படித்தான் தொடங்கும். அந்தப் பழக்கத்தில் இதுவும் தொடங்கியிருந்தது. விண்ணப்பத்தில் நம்மை அடையாளம் காட்டினால்தான் நமக்கு ஏதாவது கிடைக்கும். ஆய்வுப் படிவத்தில் நிலைமை தலைகீழ். கொடுப்பவர் அந்தப் பெண், வாங்குபவர் ஆய்வாளர். ஆனாலும் முதல் பக்கம் அவரை மனு கொடுக்க வந்தவராகவே நடத்துகிறது.

இதன் விளைவுகள் மாணவி எடுத்த முன்சோதனையிலேயே தெரிந்தன. அவர் நிரப்பிக் கொண்டுவந்த தாள்களின் ஓரக் குறிப்புகள் படிவத்தைவிடச் சுவாரசியமானவை. மூன்றாவது கேள்வியில் பெரியவர்கள் சிலர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். கணவர் பெயரை வாயால் சொல்லாத பழக்கம் நம் வீடுகளில் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளையைக் கூப்பிட்டு, "உங்கப்பா பேரச் சொல்லுடா" என்றார்கள். அப்படி வந்த பிள்ளை அங்கேயே நின்றது. ஐந்தாவது கேள்விக்கு, "நீங்க எந்த ஆளுங்க கண்ணு?" என்று மாணவியைத் திருப்பிக் கேட்டார்கள். பத்தாவது கேள்விக்கு மாமியாரோ கணவரோ உள்ளேயிருந்து பதில் சொன்னார்கள். பன்னிரண்டாவது கேள்விக்கு ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள்.

தன்விவரக் கேள்விகளை முதலில் வைப்பதால் வரும் முதல் தீங்கு இதுதான். பாடப்புத்தகங்களில் இதை அதிகம் பார்க்க முடியாது. குடும்ப வருமானமும் ரேஷன் கார்டும் வீட்டில் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். அவற்றை முதலில் கேட்டால் வீடே பதில் சொல்லத் தொடங்கிவிடும். ஒருமுறை வந்து உட்கார்ந்த மாமியாரை 24-வது கேள்வியின்போது எழுந்து போகச் சொல்ல முடியாது. ஏ.டி.எம். கார்டு யாரிடம் என்ற கேள்விக்கு அங்கே ஒரே ஒரு பதில்தான் சாத்தியம்: "வீட்லதான் இருக்கு."

தேசியக் குடும்பநல ஆய்வு இதை எப்படிக் கையாளுகிறது என்று பார்ப்பது பயன் தரும். அங்கே குடும்பத்துக்கு ஒரு படிவம், பெண்ணுக்கு ஒரு படிவம் என இரண்டும் தனித்தனி. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களின் வயது என்ன, வீட்டில் என்னென்ன வசதிகள் என்பதெல்லாம் குடும்பப் படிவத்தில் வரும். அதை வீட்டுப் பெரியவர் யாரும் சொல்லலாம். அந்தப் பட்டியலிலிருந்துதான் 15 முதல் 49 வயது வரையிலான பெண்கள் யார் என்று கண்டுபிடித்து அவர்களிடம் தனியாகப் பேசுகிறார்கள். வீட்டு வன்முறைக் கேள்விகளை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமை கிடைத்தால் மட்டும் கேட்க வேண்டும் என்பது விதி. மாணவியின் படிவம் இந்த இரண்டு படிவங்களையும் ஒன்றாக்கி, குடும்பப் படிவத்தைத் தலையில் வைத்துவிட்டது.

இரண்டாவது தீங்கு பொருள் சார்ந்தது. முதலில் கேட்ட கேள்வி பின்னால் வரும் கேள்விக்குப் பொருள் கொடுக்கிறது. கணவரின் தொழில் ஒன்பது, குடும்ப வருமானம் பத்து என்று கேட்டு முடித்தவுடன், இங்கே பேச்சு குடும்பத்தைப் பற்றியது, கணவரின் சம்பளம்தான் அதன் அச்சு என்று அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிடுகிறது. அதன் பிறகு, "உங்கள் சம்பளம் எதற்குச் செலவாகிறது?" என்றால், "குடும்பச் செலவுக்குத்தான்" என்ற பதில் தானாக வரும். அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் படிவம்தான் முதலில் எடுத்துக்கொடுத்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நிரப்பிய தாள்களில் ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்தால், அது படிவத்தில் முன்பே எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும். "குடும்ப" என்ற சொல் இந்தப் படிவத்தின் பத்தாவது கேள்வியில் இருந்தது.

இங்கே மாணவிகள் எனக்கு உடனே நினைவூட்டும் வாதம் ஒன்று உண்டு. பாலினத்தையோ சாதியையோ முதலில் கேட்டாலே பெண்களும் ஒடுக்கப்பட்டவர்களும் தளர்ந்துவிடுவார்கள், அதனால் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்பார்கள். பெண்ணிய வகுப்பறைகளில் இது ஏறத்தாழ வேதவாக்காகிவிட்டது. இதன் வரலாற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1995-இல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் ஆகிய இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதன் ஒரு பகுதியில், தேர்வு எழுதும் முன் இனத்தைக் குறிக்கச் சொன்னபோது கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் குறைந்தது. நிஜத் தேர்வில் இது நடக்கிறதா என்று பார்க்க லாரன்ஸ் ஸ்ட்ரிக்கர், வில்லியம் வார்ட் இருவரும் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏ.பி. கால்குலஸ் தேர்வை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினர் இனம், பாலினம் பற்றிய கேள்விகளை வழக்கம்போலத் தேர்வுக்கு முன் நிரப்பினார்கள். இன்னொரு பிரிவினர் தேர்வுக்குப் பின் நிரப்பினார்கள். 2004-இல் வெளியான அவர்களின் முடிவு, பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை என்பது. 2008-இல் கெல்லி டானஹர், கிறிஸ்டியன் கிராண்டல் இருவரும் அதே தரவை மறுபடி எடுத்து, இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தால்தான் கணக்கில் கொள்வோம் என்ற அளவுகோலே மிகக் கடுமையானது என்றார்கள். பாலினக் கேள்வியைத் தேர்வுக்குப் பின் தள்ளினால் ஆண்டுக்குச் சுமார் 4,700 பெண்கள் கூடுதலாகத் தேறியிருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஸ்ட்ரிக்கரும் வார்டும் அதை மறுத்து எழுதினார்கள். ஒரே தரவு, இரண்டு தீர்ப்பு.

அதற்குப் பிறகு வந்தவை எச்சரிக்கையாக இருக்கச் சொல்கின்றன. 2018-இல் நெதர்லாந்தில் 2,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம், முறையை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு நடத்திய ஆய்வில், பெண்பிள்ளைகளின் கணித மதிப்பெண்ணில் இந்த விளைவு தென்படவில்லை. ஆகவே "பாலினம் கேட்டாலே பெண் தளர்ந்துவிடுவாள்" என்ற வாக்கியத்தின் மேல் நம் வாதத்தைக் கட்டுவது பாதுகாப்பில்லை. அந்த வாக்கியத்தில் பெண்ணைப் பற்றிய ஒரு சித்திரமும் ஒளிந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் டிக் அடித்தவுடன் அவள் சரிந்துவிடுவாளாம். திருப்பூர்ப் பெண்கள் அப்படிச் சரியவில்லை. அவர்கள் எதிரில் இருப்பவரை எடைபோட்டு, எதைச் சொல்வது எதை விடுவது என்று முடிவெடுத்தார்கள். "நீங்க எந்த ஆளுங்க?" என்பது தளர்ச்சியின் குரல் இல்லை, கணக்குப் போடும் குரல்.

நம் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு இந்த இடத்தில் உதவும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேச கிராமப்புறச் சிறுவர்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் மற்றவர்களுக்கு இணையாகவே செய்தார்கள். எல்லாச் சாதிச் சிறுவர்களும் கலந்திருந்த குழுவில், ஒவ்வொருவரின் பெயரோடும் சாதியை உரக்க அறிவித்தபோது அவர்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை குறைந்தது. இது கேள்விப் படிவம் இல்லை, பதிலளித்தவர்கள் பெண்களும் இல்லை. ஆனாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது. சாதி எந்த இடத்தில் கேட்கப்பட்டது என்பதைப் போலவே யார் முன்னால் சொல்லப்பட்டது என்பதும் முக்கியம். பூட்டிய அறையில் முதலில் கேட்பதும், திண்ணையில் பத்துப் பேர் நடுவே கடைசியில் கேட்பதும் ஒன்றல்ல.

அப்படியானால் எல்லாவற்றையும் கடைசியில் வைத்துவிடலாமா? அஞ்சல் வழி ஆய்வுகளுக்கு அமெரிக்க ஆய்வுமுறையாளர் டான் டில்மன் 1978-இலேயே ஏறத்தாழ இதைத்தான் சொன்னார். முதல் கேள்வி ஆய்வுப்பொருளைத் தொடுவதாக, எல்லாராலும் எளிதில் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். தன்விவரம் முடிவில் வர வேண்டும். தானே படித்து நிரப்பும் தாளுக்கு இது நல்ல அறிவுரை. வயதும் வருமானமும் முதல் பக்கத்தில் இருந்தால், அந்தத் தாளை மடித்து வைத்துவிடுவது எளிது.

ஆனால் கடைசியில் வைப்பதற்கும் விலை உண்டு. பாதியில் எழுந்து போனவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியாமல் போகும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறையின் ஓர் ஆய்வில், தன்விவரக் கேள்விகளை முதலில் வைத்தபோது அவற்றுக்குப் பதில் சொன்னவர்கள் அதிகமானார்கள். மற்றக் கேள்விகளுக்கான பதில்கள் குறையவில்லை. 2012-இல் அது வெளியானது. அலுவலகச் சூழலில் தாமே நிரப்பும் படிவம் அது. திருப்பூர் வீட்டோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் அது எழுப்பும் கேள்வி நமக்கும் உரியது. ஷிப்டு முடிந்து வந்த பெண், 35-வது கேள்வியில் குழந்தை அழுததால் எழுந்து போகிறார். சாதி 40-வது கேள்வி என்றால், அவர் சொன்ன 35 பதில்களும் சாதியற்ற பதில்களாகிவிடும். அப்படி எழுந்து போகிறவர்களில் தலித் பெண்கள் அதிகமாக இருந்தால், நம் அட்டவணை அவர்களை மொத்தமாக "பெண்கள்" என்ற வரியில் கரைத்துவிடும். சாதியைக் கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசிக்குத் தள்ளுவதும் ஒரு அரசியல்தான். அதன் இழப்பை ஆய்வாளர் சுமப்பதில்லை.

ஆகவே "முதலிலா, கடைசியிலா" என்று மொத்தமாகக் கேட்பதில்தான் கோளாறு இருக்கிறது. தன்விவரம் என்று ஒரே தலைப்பின் கீழ் நாம் கட்டிவைத்த கேள்விகள் ஒரே வகையானவை அல்ல. மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிடமும் மூன்றைக் கேட்கலாம். இந்தப் பதில் இல்லாமல் அடுத்த கேள்விக்குப் போக முடியுமா? இந்தப் பதில் அடுத்த பதிலின் நிறத்தை மாற்றுமா? இதைக் கேட்டால் யார் வந்து உட்காருவார்கள்?

அந்த 12 கேள்விகளையும் மாணவியும் நானும் இப்படித்தான் பிரித்தோம். பெயர் படிவத்திலிருந்தே போனது. தாளுக்கு ஓர் எண் மட்டும். ஒப்புதல் தாள் வேறு உறையில். கணவர் பெயர் எந்த அட்டவணையிலும் பயன்படப் போவதில்லை, அதனால் அடித்தோம். முதலில் நின்றவை மூன்றே கேள்விகள்: 18 வயது முடிந்துவிட்டதா, இப்போது கம்பெனிக்குப் போகிறீர்களா, ஆறு மாதத்துக்கு மேலாகப் போகிறீர்களா? இவற்றில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் பேட்டியே கிடையாது என்பதால், இவை முதலில்தான் இருக்க முடியும். கம்பெனி, ஷிப்டு, சம்பளம் அதன் பின் வந்தன. அந்தப் பெண்ணின் சொந்தச் சம்பளத்தை வருமானக் கேள்வியாகத் தனியே கேட்க வேண்டியிருக்கவில்லை. பீஸ் ரேட் பற்றிப் பேசும்போதே அது இயல்பாக வந்துவிடும். குடும்ப மொத்த வருமானத்தை விட்டுவிட்டோம். கணவர் என்ன சம்பாதிக்கிறார் என்பது பல பெண்களுக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுவார்கள்.

திருமண நிலை நடுவில் போனது, அதுவும் வேறு வடிவத்தில். "இப்போது வீட்டில் யார் யாரோடு இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் கணவர், மாமியார், அண்ணன், தனியாக, ஹாஸ்டல் எல்லாமே பதிலாகும். பிரிந்து வாழும் பெண் தன்னை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்று தடுமாற வேண்டியதில்லை. கணவர் பற்றிய கேள்விகள் இதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. ஆகவே இது அவற்றுக்குச் சற்று முன்னால் வர வேண்டும். பிள்ளைகள் எத்தனை என்பதும் இதோடு சேர்ந்துகொண்டது.

படிப்பு, சாதி, மதம், வாடகை நான்கும் இறுதிப் பகுதிக்குப் போயின. ரேஷன் கார்டு தேவைப்படவில்லை. சாதிக் கேள்விக்கு முன் இரண்டு வாக்கியம் சேர்த்தோம்: "கம்பெனியில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலையும் கூலியும் கிடைக்கிறதா என்று பார்க்க அடுத்த கேள்வி. சொல்ல விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடலாம்." பதிலை வாயால் சொல்லவும் வேண்டியதில்லை. பட்டியல் சாதி, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று வரிசையாக எழுதி எண் போட்ட அட்டையைக் கையில் கொடுத்தால், எண்ணைச் சொன்னால் போதும். பக்கத்து அறையில் இருப்பவருக்கு எண் மட்டுமே கேட்கும்.

ஒன்றில் மட்டும் மாணவிக்கு என்னோடு உடன்பாடு இல்லை. அவர் சொன்னதே சரி. சண்டை, அடி பற்றிய கேள்விக்குப் பிறகு உடனே சாதிக்கும் வாடகைக்கும் போவது குரூரமாக இருக்கிறது என்றார். வன்முறை பற்றிய ஆய்வுகளுக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும், பேட்டி அந்தப் பெண்ணின் வலிமையை நினைவூட்டி முடிய வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதனால் தன்விவரம் முடிவுக்கு அருகில் வந்தது, முடிவாக வரவில்லை. அடி பற்றிய கேள்விக்குப் பிறகு ஓர் இடைநிறுத்தம், தண்ணீர், தேவைப்பட்டால் உதவி எண். அப்புறம் படிப்பு முதலிய எளிய கேள்விகள். கடைசிக் கேள்வி: "உங்கள் சம்பளத்தில் உங்களுக்கென்று கடைசியாக வாங்கியது என்ன?"

இந்த மாற்றம் உண்மையில் வேலை செய்கிறதா என்பதைப் பார்க்க இரண்டு வடிவங்களையும் அச்சிட்டு, வீடு விட்டு வீடு மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். ஒரு தெருவுக்கு ஒன்று, இன்னொரு தெருவுக்கு இன்னொன்று என்று கொடுக்கக் கூடாது. தெருக்கள் நம் ஊரில் சாதியால் பிரிந்தவை. வித்தியாசம் வரிசையால் வந்ததா தெருவால் வந்ததா என்று தெரியாது. எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். வடிவத்துக்கு 30 பேர் என்றால், "ஏ.டி.எம். கார்டு என்னிடம் இல்லை" என்றவர்களின் விகிதம் இரண்டுக்கும் நடுவே 25 சதவீதப் புள்ளிகள் வரை வேறுபட்டாலும் அது தற்செயலாக இருக்கலாம். வடிவத்துக்கு 100 பேர் என்றாலும் 14 புள்ளிகள் வரை அப்படித்தான். ஒரு முதுகலை ஆய்வில் சதவீதத்தைவிட நம்பகமாகப் பார்க்கக்கூடியவை வேறு: எத்தனை கேள்விகள் வெறுமையாக விடப்பட்டன, எந்தக் கேள்வியில் பேட்டி நின்றது, எந்தக் கேள்வியில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். கடைசியானதற்குப் படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சிறு கட்டம் போட்டுவிட்டால் போதும்: "இந்தப் பக்கத்தின்போது உடன் இருந்தவர்."

வரிசையால் சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. மாணவி படியேறும்போதே அவருடைய பேச்சு, நிறம், நெற்றி, கழுத்து எல்லாவற்றையும் அந்தப் பெண் வாசித்து முடித்திருப்பார். நம் தன்விவரம் எப்போதும் முதல் கேள்விக்கு முன்னாலேயே கொடுக்கப்பட்டுவிடுகிறது. அதனால் "நீங்க எந்த ஆளுங்க?" என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதையும் களத்துக்குப் போகும் முன் முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிலையும் நிரப்பிய தாளில் ஓர் இடத்தில் எழுதிவைக்க வேண்டும்.